பங்க்ல முதல் நாள்: ஷிஃப்ட் எடுக்கறதும் முதல் வண்டிக்கு போடறதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

புதுச்சேரி கடலூர் ரோட்ல, பாகூர் பக்கம் இருக்கற ஒரு பெட்ரோல் பங்க்ல நான் ஷிஃப்ட் பாக்கறேன். புதுசா சேர்ற பசங்க பொண்ணுங்க எல்லாரும் முதல் நாள் கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான் கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி சொல்லி தொண்டை போயிடுச்சு. அதான் எழுதி வச்சுட்டேன். மெஷின் கம்பெனிக்கு கம்பெனி பட்டன் மாறும், மத்ததெல்லாம் எந்த பங்க்லயும் ஏறக்குறைய இதேதான்.

காலைல 6 மணி ஷிஃப்ட்னா 6 மணிக்கு வந்தா போதாதா?

போதாது, 5.40க்கு வந்துடுங்க. எங்க பங்க்ல 6லேர்ந்து 2, 2லேர்ந்து 10, அப்புறம் நைட். நைட் பாத்த ஆளு கண்ணு சொருகி நிப்பாரு, கணக்கு குடுத்துட்டு கிளம்பினா போதும்னு இருப்பாரு, நீங்க 6 மணிக்கு ஓடி வந்து யூனிஃபார்ம் மாட்டிட்டு நிக்கறதுக்குள்ள அவரே ரீடிங் எழுதி நீட்டிடுவாரு, நீங்களும் சரிண்ணேன்னு வாங்கிப்பீங்க. பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது.

இன்னொரு காரணமும் இருக்கு. பெட்ரோல் டீசல் விலை மாறினா காலை 6 மணிக்குதான் மாறும். 2017 ஜூன் மாசத்துலேர்ந்து இப்படித்தான், தினமும் மாறலாம்னு வச்சிருக்காங்க, நடுவுல மாசக்கணக்கா ஒரே விலைல நின்னதும் உண்டு. மாறற நாள்ல 6 மணிக்கு முன்னாடி போட்டது பழைய விலை, அது நைட் ஆளு கணக்கு. பின்னாடி போட்டது புது விலை, உங்க கணக்கு. கோடு எங்க விழுதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியணும்னா ரெண்டு பேரும் மெஷின் முன்னாடி நிக்கணும்.

ரீடிங் ரீடிங்னு சொல்றாங்களே, அது என்ன? எத பாத்து எழுதணும்?

மெஷின்ல ரெண்டு விதமான நம்பர் இருக்கு. ஒண்ணு எல்லாரும் பாக்கறது, இந்த வண்டிக்கு எவ்வளவு லிட்டர் எவ்வளவு ரூபாய்னு ஓடறது, நாசிலை மாட்டி திரும்ப எடுத்தா ஜீரோ ஆயிடும். இன்னொண்ணு டோட்டல். மெஷின் வச்ச நாள்லேர்ந்து அந்த நாசில் வழியா போன மொத்த லிட்டர், அது ஜீரோ ஆகவே ஆகாது, ஏறிக்கிட்டே போகும், பஸ்சுல கிலோமீட்டர் ஓடற மாதிரி. இந்த ரெண்டாவது நம்பரைத்தான் பங்க்ல ரீடிங்னு சொல்றோம். சில மெஷின்ல தனியா சின்ன மீட்டரா இருக்கும், சிலதுல பட்டன் அமுக்கினா டிஸ்ப்ளேல வரும்.

ஷிஃப்ட் ஆரம்பத்துல ஒரு ரீடிங், முடிவுல ஒரு ரீடிங், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற லிட்டர் பூரா உங்க தலைல. அதுக்கு காசு நீங்க காட்டணும். அவ்ளோதான் இந்த வேலையோட கணக்கு.

அதனால நாசிலுக்கு நாசில் நீங்களே உங்க கண்ணால பாத்து, பாயிண்டுக்கு அப்புறம் வர்ற ரெண்டு நம்பரையும் சேத்து ஷீட்ல எழுதணும். "அண்ணே நீங்க சொல்லுங்க நான் எழுதிக்கறேன்" அப்படிங்கற பேச்சே வேணாம். வாய்ல சொல்லும்போது 58க்கு 85 ஆயிடும், 27 லிட்டர் வித்தியாசம், விலையோட பெருக்கி பாத்தா உங்க பல நாள் சம்பளம் போகும். எழுதினதும் நைட் ஆளு ஒரு கையெழுத்து, நீங்க ஒரு கையெழுத்து. சில பேரு மெஷினை போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கலாமான்னு கேப்பாங்க. எரிபொருள் போடற இடத்துல போனை எடுக்கக்கூடாது, பேப்பரும் பேனாவும் போதும்.

காலைல மேனேஜர் ஒரு கேன்ல பெட்ரோல் புடிச்சு பாத்துட்டு திரும்ப டேங்க்ல ஊத்துறாரே, அது எதுக்கு? அதையும் நான் எழுதணுமா?

கண்டிப்பா எழுதணும், அத எழுதாம விட்டுத்தான் நான் முதல் வாரத்துல அழுதேன். அந்த கதை கீழ கணக்குல வருது.

அது 5 லிட்டர் டெஸ்டிங். எடையளவு துறை முத்திரை வச்ச ஒரு அளவு கேன் இருக்கும், கழுத்துல கோடு போட்டிருக்கும். முதல்ல ஒரு தடவை புடிச்சு உள்ள பூரா நனைச்சு கொட்டிடுவாங்க, காஞ்ச கேன்ல சுவத்துல ஒட்டிக்கிற எண்ணெய் அளவுல குறைஞ்சு தெரியும்ங்கறதுக்காக. அப்புறம் டிஸ்ப்ளேல 5.00 காட்டற வரைக்கும் புடிச்சு, சமமான தரைல வச்சு கழுத்துக் கோட்டை பாப்பாங்க. 25 மில்லி மேலயோ கீழயோ இருந்தா பரவால்ல, அத தாண்டினா அந்த நாசில்ல விக்கக்கூடாது, மூடி வச்சுட்டு கம்பெனிக்கு சொல்லணும். கஸ்டமர் யார் வந்து கேட்டாலும் இந்த கேன்ல அளந்து காட்டணும், அது அவங்க உரிமை. முகம் சுளிக்காதீங்க, அளந்து காட்டினா அவரே நமக்கு ரெகுலர் ஆயிடுவாரு.

இப்ப கவனிங்க. அந்த 5 லிட்டர் நாசில் வழியா வெளிய வந்துச்சு, அதனால ரீடிங் ஏறிடுச்சு. ஆனா விக்கல, திரும்ப டேங்க்லதான் ஊத்தினாங்க. ரீடிங்குக்கு அது தெரியாது. அதனால ஷீட்ல டெஸ்டிங்னு ஒரு கட்டம் இருக்கும், எந்த நாசில்ல எத்தனை லிட்டர்னு அப்பவே எழுதிடணும். கேனை நனைக்கறதுக்கு புடிச்சதும் ரீடிங்ல ஏறும், அதையும் சேத்து எழுதுங்க.

டென்சிட்டி, அதாவது எண்ணெயோட அடர்த்தி, அத பாக்கறதும் காலைலதான், கண்ணாடி ஜாடில ஹைட்ரோமீட்டர் மிதக்க விட்டு, சூடு பாத்து, சார்ட்ல 15 டிகிரிக்கு மாத்தி எழுதுவாங்க. முதல் நாள் அதுல உங்களுக்கு வேலை இல்ல, பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தா போதும்.

சில்லறை எவ்வளவு குடுப்பாங்க? அது என் கணக்குல வருமா?

எங்க பங்க்ல 500 ரூபாய், பத்தும் இருபதுமா. வாங்கும்போதே எண்ணுங்க, ஷீட்ல எழுதுங்க. அது வித்த காசு கிடையாது, கடைசில அப்படியே திரும்ப குடுக்கணும். பைல காசு சேர சேர மேனேஜர் ரூம்ல கட்டிடுங்க, கட்டின உடனே எழுதி கையெழுத்து வாங்குங்க. பை நிறைய வச்சுக்கிட்டு சுத்தறது ஸ்டைல்னு சில பசங்க நினைக்கறாங்க.

முதல் வண்டி வந்து நிக்குது, கை நடுங்குது. வரிசையா என்ன செய்யணும்?

பயம் எல்லாருக்கும் வரும். முதல் வண்டி ஒரு ஸ்ப்ளெண்டர்னு வைங்க, 200 ரூபாய்க்கு போடுன்னு சொல்றாரு.

வண்டி ஆஃப் பண்ணிட்டாரா பாருங்க, இறங்க சொல்லுங்க. பெட்ரோல்தானே, 200தானேன்னு வாய் விட்டு திருப்பி கேளுங்க. பைக்குக்கு பெட்ரோல்னு யாருக்கு தெரியாதுன்னு நினைக்காதீங்க, இது பழக்கத்துக்காக, நாளைக்கு கார் வரும்போது இந்த பழக்கம்தான் காப்பாத்தும். அப்புறம் மெஷின்ல 200 அடிங்க. இங்க ஒரு இடம் பாத்துக்கோங்க, மெஷின்ல ரூபாய்க்கு அடிக்கறது வேற, லிட்டருக்கு அடிக்கறது வேற. லிட்டர்ல இருக்கும்போது 200 அடிச்சீங்கன்னா அது 200 லிட்டர் போட ரெடியா நிக்கும், பைக் டேங்க் 10 லிட்டர்தான், வழிஞ்சு எஞ்சின் மேல ஊத்தும். அடிச்சதும் ரூபாய்க்கு நேரா விழுந்திருக்கா, லிட்டருக்கு நேரா விழுந்திருக்கான்னு ஒரு தடவை பாருங்க.

நாசிலை எடுங்க, டிஸ்ப்ளே ஜீரோ ஆகும். "ஜீரோ பாத்துக்கோங்க சார்". அவர் பாத்து தலையாட்டற வரைக்கும் கையை அமுக்காதீங்க. நாசில் மூக்கு டேங்க் வாயில தொட்டுக்கிட்டே இருக்கட்டும், அந்தரத்துல புடிச்சா எண்ணெய் விழற வேகத்துல உண்டாகற கரண்ட் பொறி தட்ட வாய்ப்பு இருக்கு, தொட்டுக்கிட்டு இருந்தா அது வண்டி வழியா நாசில் வழியா இறங்கிடும். 200 ஆனதும் மெஷினே நிறுத்திடும். உடனே இழுக்காம ரெண்டு மூணு செகண்ட் விடுங்க, பைப் மூக்குல தங்கினது உள்ள சொட்டட்டும், அது அவர் காசு. நாசிலை திரும்ப மாட்டிட்டுத்தான் காசுக்கு கை நீட்டணும்.

ஜீரோ பாக்க சொல்லலன்னா என்ன ஆயிடும்? மெஷின் தானா ஜீரோ ஆகுதே?

நாசிலை கொக்கில மாட்டி எடுத்தாதான் ஆகும். ஆஃபீஸ் டைம்ல வரிசைல பத்து வண்டி நிக்கும், ஒரு வண்டிக்கு போட்டுட்டு மாட்டாம அப்படியே அடுத்த வண்டிக்கு இழுத்தா முந்தின 100 ரூபாய்லேர்ந்து ஓடும். நீங்க வேணும்னு செய்யல, ஆனா கஸ்டமர் கண்ணுக்கு அது திருட்டு. 300 கேட்டவருக்கு 200க்குதான் போயிருக்கும். இந்த வித்தையை வேணும்னே செய்யற ஆளுங்களும் இருந்திருக்காங்க, அதனாலதான் ஜனங்க மீட்டரை முறைச்சு பாக்கறாங்க, அதுல கோவப்பட நமக்கு உரிமை இல்ல.

இது மாதிரி நடந்து கஸ்டமர் கண்டுபுடிச்சா வாக்குவாதம் பண்ணாதீங்க, மேனேஜரை கூப்பிட்டு குறைஞ்சதை போட்டு குடுங்க.

கடலூர் வண்டிங்க எல்லாம் ஃபுல் டேங்க் ஃபுல் டேங்க்னு கேக்கறாங்க, தளும்ப தளும்ப போடணுமா?

நம்ம பக்கம் புதுச்சேரி, வாட் வரி கம்மி, அந்த பக்கம் தமிழ்நாடு, லிட்டருக்கு சில ரூபாய் வித்தியாசம். கடலூர்லேர்ந்து வேலைக்கு வர்றவரு சாயங்காலம் திரும்பும்போது எல்லைல இருக்கற முள்ளோடை தாண்டறதுக்குள்ள ரொப்பிட்டு போகத்தான் பாப்பாரு, நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனா தளும்ப போடக்கூடாது. நாசில் தானா டக்குனு ஒரு தடவை கட் ஆகும், அதோட நிறுத்துங்க. பெட்ரோல் சூட்டுக்கு விரியும், டேங்க் வாய் வரைக்கும் இருந்தா வெயில்ல நிக்கும்போது மூடி வழியா கசியும். சில பழைய பைக்ல கட் ஆகாம வழியும், அதனால பைக்குக்கு ஃபுல் போடும்போது கண்ணு டேங்க் வாய்ல, விரல் லேசா.

ஃபுல் டேங்க்ல இன்னொரு தலைவலி, 437 ரூபாய் 60 காசுன்னு நிக்கும். "440 ஆக்கிடுப்பா" என்பாரு. இடம் இருந்தா சரி, கட் ஆன பிறகு சில்லறைக்காக திரும்ப திரும்ப அமுக்காதீங்க.

டீசல் கார்ல பெட்ரோல் போட்டுட்டா என்ன பண்றது?

வண்டிய ஸ்டார்ட் பண்ண விடாதீங்க. இதுதான் முதல் வேலை, மத்ததெல்லாம் அப்புறம். சாவிய கூட திருப்ப வேணாம்னு சொல்லுங்க, சில கார்ல சாவிய திருப்பினாலே பம்ப் ஓட ஆரம்பிச்சுடும். ஸ்டார்ட் பண்ணாத வரைக்கும் தப்பு டேங்க்குள்ள மட்டும்தான் இருக்கு, இறக்கி கழுவினா முடிஞ்சுது. டீசல்தான் அந்த பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் வழவழப்பு குடுக்கறது, பெட்ரோல் போய் ஓடினா உலோகத்தோட உலோகம் தேய்க்கும், செலவு எங்கயோ போயிடும். நியூட்ரல்ல போட்டு தள்ளி ஓரமா விட்டுட்டு மேனேஜரை கூப்பிடுங்க. மறைக்க நினைக்காதீங்க, அஞ்சு லிட்டர்தானே போயிருக்கு மீதிய டீசலா போட்டா கலந்துடும்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க.

ஏன் நடக்குதுன்னா ஒரே மாடல் கார் ரெண்டு எஞ்சின்லயும் வரும், வெளிய பாத்தா தெரியாது. பெட்ரோல் நாசில் டீசல் கார் வாய்க்குள்ள சுலபமா போயிடும், கார் உங்கள தடுக்காது. மூடிக்கு உள்பக்கம் ஸ்டிக்கர் இருக்கும், அதையும் படிங்க, டிரைவர் வாயாலயும் கேளுங்க. வாடகை வண்டி ஓட்டறவருக்கே சில சமயம் தெரியாது.

ஜிபேல அனுப்பிட்டேன்னு போனை காட்டறாங்க, நம்பி விடலாமா?

போன் ஸ்க்ரீனை நம்பாதீங்க, நம்ம ஸ்பீக்கர் பெட்டி சொல்றதை நம்புங்க. ரோட்ல பஸ் ஹாரன்ல காது கேக்கலைன்னா மேனேஜர் ரூம் போன்ல பாக்க சொல்லுங்க. சுத்திக்கிட்டே இருக்கற பேமென்ட், நேத்து எடுத்த ஸ்க்ரீன்ஷாட், 500க்கு 50 அனுப்பினது எல்லாம் பாத்தாச்சு. முக்காவாசி பேரு ஏமாத்தறவங்க இல்ல, நெட்வொர்க் படுத்துது, அதனால மரியாதையா "ஒரு நிமிஷம் சார், இன்னும் வரல" அப்படின்னு சொன்னா நிப்பாங்க. தொகையையும் கேளுங்க, சத்தம் வந்துச்சேன்னு மட்டும் விட்டுடாதீங்க, பக்கத்து நாசில் காசா கூட இருக்கும்.

பாட்டில்ல குடுங்கன்னு வந்தா?

குடுக்காதீங்க. வண்டி நின்னுடுச்சு அக்கா, புள்ளைய ஸ்கூல்ல விடணும்னு கெஞ்சுவாங்க, பாவமாத்தான் இருக்கும், மேனேஜர்கிட்ட அனுப்புங்க, நீங்க முடிவெடுக்காதீங்க. பாகூர் பக்கத்து விவசாயிங்க மோட்டாருக்கு டீசல் வாங்க கேனோட வருவாங்க, அதுக்கும் மேனேஜர் சரின்னு சொல்லணும். சொன்னா கேனை வண்டிலேர்ந்து இறக்கி தரைல வைக்க சொல்லி, நாசிலை தொட்ட மாதிரி வச்சு மெதுவா போடுங்க. வண்டி மேலயே வச்சுக்கிட்டு போட சொன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க.

ஷிஃப்ட் முடிவுல கணக்கு எப்படி போடறது? ஷார்ட்டேஜ் வந்தா என் சம்பளத்துலதான் புடிப்பாங்களா?

ஒரு நாசில் கணக்கு போட்டு காட்டறேன், விலை லிட்டர் 96னு வச்சுக்குவோம், சுலபத்துக்கு.

ஆரம்ப ரீடிங் 458210.35. முடிவு ரீடிங் 458842.85. கழிச்சா 632.50 லிட்டர். இத அப்படியே 96ஆல பெருக்கினா 60,720 ரூபாய். கைல இருக்கறத பாப்போம். யுபிஐ 31,450. கார்டு 6,200. கம்பெனி வண்டிங்களுக்கு கடனுக்கு போட்டதுக்கு வாங்கின இன்டென்ட் ஸ்லிப் 4,800. நடுவுல ரூம்ல கட்டினது 15,000. பைல 3,290 இருக்கு, அதுல சில்லறைக்கு குடுத்த 500 போனா 2,790. எல்லாம் கூட்டினா 60,240 வருது. 480 ரூபாய் குறையுது.

இங்கதான் நான் என் முதல் வாரத்துல, அப்ப வேற ஒரு பங்க்ல, உக்காந்து அழுதேன். மூணு தடவை நோட்டு எண்ணினேன், பைய உதறி பாத்தேன், யாருக்கோ மீதி ஜாஸ்தி குடுத்துட்டேன்னு முடிவே பண்ணிட்டேன். அங்க இருந்த சூப்பர்வைசரும் சம்பளத்துல புடிச்சுக்கறேன்னு எழுதிட்டாரு. கூட வேலை பாத்த ஒரு அக்காதான் வந்து 480ஐ விலையால வகுத்து பாருடின்னு சொன்னாங்க. சரியா 5 லிட்டர். காலைல டெஸ்டிங் புடிச்சதை நான் எழுதல. 632.50ல 5 போனா 627.50, அதை 96ஆல பெருக்கினா 60,240, ஒரு ரூபாய் குறையல.

அதுலேர்ந்து எனக்கு ஒரு பழக்கம், ஷார்ட்டேஜ் வந்தா நோட்டை எண்றதுக்கு முன்னாடி அந்த தொகையை பாப்பேன். விலையால மீதியில்லாம வகுபட்டு 5, 10னு வந்தா டெஸ்டிங்கை பாருங்க. 27 லிட்டருக்கு சமமா, 9 லிட்டருக்கு சமமா வந்தா ரீடிங் எழுதும்போது ரெண்டு நம்பர் இடம் மாறிடுச்சான்னு பாருங்க, 58ம் 85ம் மாதிரி. அப்படி மாறினா வித்தியாசம் எப்பவும் 9ஆல வகுபடும், எங்க கணக்கு வாத்தியார் சொன்னது பங்க்லதான் உபயோகமாச்சு. 100, 200, 500னு முழுசா குறைஞ்சா யாரோ ஒருத்தர்கிட்ட காசு வாங்கல இல்ல யுபிஐ வரல, பேமென்ட் லிஸ்டை நேரத்தோட வச்சு பாக்கணும். ஒரு கார்டு சீட்டோ இன்டென்ட் ஸ்லிப்போ அளவுக்கு குறைஞ்சா அது பாக்கெட்லதான் இருக்கும், சட்டையை துவைக்கறதுக்கு முன்னாடி தேடுங்க. அஞ்சு பத்து ரூபாய் குறையறது சில்லறை இல்லாம விட்டது, அது எல்லாருக்கும் உண்டு.

புடிப்பாங்களான்னு கேட்டா, நிறைய பங்க்ல புடிக்கறாங்க, அது நடக்கற விஷயம். எங்க பங்க்ல அன்னிக்கே காரணம் தேடி பாத்துட்டுத்தான் எழுதுவோம். கணக்கு முடியறதுக்கு முன்னாடி ஷீட்ல கையெழுத்து போடாதீங்க. அடுத்த ஷிஃப்ட் ஆளு மெஷின்கிட்ட வந்து நின்னா நீங்க ரீடிங்கை வாயால சொல்லாதீங்க, அவரையே பாத்து எழுத சொல்லுங்க.

முதல் நாளே தனியா ஒரு மெஷின் குடுத்துடுவாங்களா?

எங்ககிட்ட இல்ல. மத்தியானம் வரைக்கும் பழைய ஆளு பக்கத்துல நிப்பாங்க, பைக் நாசில் மட்டும்தான், கார் பக்கம் ரெண்டாவது நாள். எமர்ஜென்சி ஸ்விட்ச் எங்க இருக்கு, தீயணைக்கற சிலிண்டர் எங்க இருக்கு, மணல் வாளி எங்க இருக்குன்னு மூணையும் கைய நீட்டி காட்ட சொல்லுவேன், காட்டினாதான் நாசில் குடுப்பேன். வேற பங்க்ல சேர்றவங்க, அவங்க காட்டலைன்னா நீங்களே கேட்டுக்கோங்க. அப்புறம் ஷூ போட்டுட்டு வாங்க, செருப்பு வேணாம், தரைல எண்ணெய் சிந்தின இடம் வழுக்கும்.